ஒரு நடையின் கணக்கு: டீசலும் டயரும் ஓட்டுநர் தீர்வும்

சரக்கு லாரி ஒன்று ஊர் திரும்பியதும் அதற்குக் கிடைத்த வாடகை எவ்வளவு என்பது உரிமையாளருக்குத் தெரிந்திருக்கும். அந்த வாடகையில் மிஞ்சியது எவ்வளவு என்பது மட்டும் அன்று தெரிவதில்லை. டீசல் ரசீதுகள் ஓட்டுநரின் சட்டைப் பையில் இருக்கும். சுங்கக் கட்டணம் வங்கிக் கணக்கில் கழிந்திருக்கும். டயர் தேய்ந்ததற்கு ரசீதே கிடையாது. இவை எல்லாம் ஓரிடத்தில் கூடும் நேரத்தைத்தான் போக்குவரத்துத் தொழிலில் ‘செட்டில்மென்ட்’ என்கிறார்கள். தமிழில் கணக்குத் தீர்வு என்போம். பத்து லாரிகள் வரை வைத்திருப்பவர் இதை ஒரு குறிப்பேட்டில் முடித்துவிடலாம். ஐம்பது, நூறு என்று வண்டிகள் பெருகும்போது ஈ.ஆர்.பி. எனப்படும் நிறுவன மென்பொருள் தேவைப்படுகிறது. நம் வங்கியில் வாகனக் கடன் பெற்ற வாடிக்கையாளர்கள் பலரும் இத்தகைய மென்பொருளை வாங்கியிருக்கிறார்கள், அல்லது வாங்க எண்ணுகிறார்கள்.

மென்பொருள் கூட்டல் கழித்தலில் தவறுவதில்லை. ஆனால் அது எந்த அளவுகோலை வைத்து ஓட்டுநரையும் வண்டியையும் எடைபோடுகிறது என்பதை உரிமையாளர்தான் முடிவு செய்கிறார். அந்த அளவுகோல் பொருத்தமற்றதாக இருந்தால், பிழையற்ற கணக்கே ஒருவருடைய ஊதியத்தில் அநியாயமாகக் கை வைத்துவிடும். இது எப்படி நேர்கிறது என்பதை ஒரே ஒரு நடையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கீழே வரும் விலைகளும் அளவுகளும் கணக்கு விளங்குவதற்காக ஏற்றுக்கொண்டவை. உங்கள் வண்டிக்கு அவை சற்றே மாறக்கூடும்.

மும்பையை அடுத்த பிவண்டியில் கிடங்குகள் மிகுதி. அங்கிருந்து 10 சக்கர லாரி ஒன்று 18 டன் சரக்குடன் தில்லியை ஒட்டிய குருகிராமுக்குப் புறப்படுகிறது என்று கொள்வோம். சூரத், வடோதரா, உதய்ப்பூர், ஜெய்ப்பூர் வழியாகச் செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். சரக்கை இறக்கிய பின் வண்டி காலியாக 80 கிலோமீட்டர் வந்து, இராஜஸ்தானின் நீம்ராணா தொழிற்பேட்டையில் 9 டன் ஏற்றிக்கொள்கிறது. அங்கிருந்து பிவண்டிக்கு 1,320 கிலோமீட்டர். மொத்தம் 2,800 கிலோமீட்டர்.

வண்டி புறப்படும் முன்பே மென்பொருளில் இந்த நடைக்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. காகித டிரிப் ஷீட்டின் இடத்தைப் பிடித்திருப்பது இந்த எண்தான். லாரி ரசீது, மின்வழிச் சீட்டு, முன்பணம், டீசல், ஃபாஸ்டேக் கழிவு, வழியில் ஒட்டிய பஞ்சர் வரை எல்லாம் இந்த எண்ணின் கீழ்ப் பதிவாக வேண்டும். எண் இல்லாத செலவு ஏதோ ஒரு பொதுச் செலவுத் தலைப்பில் போய் மறைந்துவிடும். ஆண்டின் இறுதியில் மொத்தச் செலவு சரியாகவே இருக்கும். எந்த வழித்தடம் இலாபம் தருகிறது என்பது மட்டும் ஒருபோதும் தெரியாது.

டீசல்: எவ்வளவு குடித்தது, எவ்வளவு குடித்திருக்க வேண்டும்?

லாரியின் நடைமுறைச் செலவில் பெரும்பகுதி டீசல். அதை ரூபாயில் ஒப்பிடுவது பயன் தராது. டீசல் இன்னும் சரக்கு சேவை வரிக்குள் வரவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி வரி விதிப்பதால், ஒரே நாளில் மகாராஷ்டிரத்தில் ஒரு விலை, குஜராத்தில் ஒரு விலை. எனவே மைலேஜ் பார்ப்பது லிட்டரில்தான்.

லிட்டரை அளப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நடை தொடங்கும்போது டேங்க் நிறைந்திருக்க வேண்டும். முடிந்ததும் மீண்டும் நிறைக்க வேண்டும். தொடக்கத்தில் நிரப்பியது முந்தைய நடையின் செலவு. இடையில் பிடித்தவையும் இறுதியில் நிரப்பியதும் இந்த நடையின் செலவு. நம் லாரி போகும்போது உதய்ப்பூரில் 200 லிட்டர், நீம்ராணாவில் 205 லிட்டர், வரும்போது உதய்ப்பூரில் 130 லிட்டர், பிவண்டி திரும்பியதும் டேங்க் நிரம்ப 170 லிட்டர் பிடித்தது. மொத்தம் 705 லிட்டர். லிட்டருக்கு ஏறத்தாழ 3.97 கிலோமீட்டர்.

கடைசியில் டேங்கை நிறைக்காமல் விட்டால் என்ன ஆகும்? 30 லிட்டர் குறைவாக நிரப்பியிருந்தால் இந்த நடையின் மைலேஜ் 4.15 என்று காட்டும். அந்த 30 லிட்டர் அடுத்த நடையின் தலையில் விழுந்து, அதன் மைலேஜ் 3.81 ஆகிவிடும். ஒரு நடை வழக்கத்தைவிட உயர்ந்தும் அதை அடுத்த நடை அதே அளவு தாழ்ந்தும் இருந்தால், திருட்டு என்று ஐயுறுவதற்கு முன் டேங்க் நிறைந்ததா என்று கேளுங்கள். அடுத்தடுத்த மூன்று நான்கு நடைகளின் சராசரி நிலையாக இருந்தால் அது அளவைப் பிழையே.

உண்மையான களவு வேறு விதமாக வெளிப்படும். 350 லிட்டர் டேங்கில் 370 லிட்டர் பிடித்ததாக ரசீது இருக்கும். அல்லது ரசீதில் உள்ள நேரத்தில் வண்டி அந்த பங்கிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருந்ததாக ஜி.பி.எஸ். பதிவு சொல்லும். ஃபாஸ்டேக் பதிவும் இங்கே சாட்சி சொல்லும். எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது அதில் இருக்கிறது. எரிபொருள் அட்டை வழியாகப் பிடித்த டீசலின் விவரம் எண்ணெய் நிறுவனத்திடமிருந்து நேரே மென்பொருளுக்கு வந்துவிடும். கையால் பதியும் ரொக்க ரசீதுகளில்தான் ஒரே ரசீது இருமுறை ஏறும் தவறு நேர்கிறது. ரசீது எண்ணைக் கட்டாயப் பதிவாக்கினால் அது நின்றுவிடும்.

இனி அளவுகோலுக்கு வருவோம். பல நிறுவனங்களில் ஒரு வண்டி வகைக்கு ஒரே மைலேஜ் என்று மென்பொருளில் நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். நம் லாரிக்கு அது 4.25 என்று இருப்பதாகக் கொள்வோம். 2,800 கிலோமீட்டருக்கு 659 லிட்டர் போதும் என்று மென்பொருள் சொல்லும். பிடித்ததோ 705. மிகுதி 46 லிட்டர். லிட்டருக்கு 90 ரூபாய் வீதம் ரூ.4,140 ஓட்டுநர் கணக்கில் பிடித்தமாக ஏறிவிடும். எந்த மனிதரும் முடிவெடுக்கவில்லை. திரையில் தானாக வந்துவிட்டது.

இந்த 46 லிட்டரைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். 18 டன்னோடு போன வண்டியும், 9 டன்னோடு வந்த வண்டியும், காலியாக ஓடிய வண்டியும் ஒரே அளவு குடிக்காது. இதே வண்டியின் பழைய நடைகளைச் சுமை வாரியாகப் பிரித்துப் பார்த்ததில் 18 டன்னுக்கு 3.8, 9 டன்னுக்கு 4.4, காலிக்கு 5.5 என்று வந்ததாகக் கொள்ளுங்கள். அப்படியானால் போகும்போது 368 லிட்டர், வரும்போது 300 லிட்டர், காலி ஓட்டத்துக்கு 15 லிட்டர். ஆக 683 லிட்டர் தேவை. மிகுதி 46 என்பது 22 ஆகச் சுருங்குகிறது.

அந்த 22 லிட்டரிலும் ஒரு பகுதிக்கு விளக்கம் உண்டு. குருகிராமில் சரக்கிறக்க வரிசையில் நின்றபோது 6 மணி நேரம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததை ஜி.பி.எஸ். பதிவு காட்டுகிறது. வண்டி நகராவிட்டாலும் இத்தகைய எஞ்சின் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் வரை குடிக்கும். 15 லிட்டர் அங்கே போயிற்று. எஞ்சுவது 7 லிட்டர். மொத்தத்தில் 1 விழுக்காடு. சமதளத்தில் நிற்காத வண்டிக்கு டேங்க் நிரப்பும்போதே அவ்வளவு வேறுபாடு வந்துவிடும்.

நின்ற வண்டியில் எஞ்சினை ஏன் அணைக்கவில்லை என்று கேட்பது நியாயமே. வரிசை நகர்ந்துகொண்டே இருந்ததா, வெயிலில் குளிர்சாதனம் ஓடிற்றா என்பதைப் பொறுத்தது அதற்கான விடை. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாகியிருக்கிறது. அதைப் பயன்படுத்தும் ஓட்டுநரைப் பழைய மைலேஜ் எண்ணால் அளந்தால், அரசு கொடுத்த வசதிக்கு ஓட்டுநர் தம் பையிலிருந்து விலை கொடுப்பதாகிவிடும். எனவே புதிய வண்டி வாங்கும்போது அளவுகோலும் புதிதாக வகுக்கப்பட வேண்டும். மூன்று நான்கு நடைகள் யாரிடமும் பிடித்தம் செய்யாமல் ஓடவிட்டு, அதன் பின் எண்ணை நிர்ணயிப்பதே முறை.

ஓட்டுநரின் தீர்வு

மேலே கண்ட இரண்டு அளவுகோல்களும் ஓட்டுநரிடம் எப்படிப் போய்ச் சேருகின்றன? மாதச் சம்பளம் தனி. நடைக்கணக்கில் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் பேட்டா என்றால் ரூ.8,400. சரக்கிறக்கு கூலி ரூ.2,600, பஞ்சர் ரூ.350, வண்டி நிறுத்தக் கட்டணம் ரூ.400 என்று அவர் கையிலிருந்து செலவிட்டது ரூ.3,350. ஆக அவருக்குச் சேர வேண்டியது ரூ.11,750. புறப்படும்போது ரூ.6,000 முன்பணம் பெற்றார்; நீம்ராணாவில் இருந்தபோது அவருடைய வங்கிக் கணக்குக்கு ரூ.5,000 அனுப்பப்பட்டது. முன்பணம் ரூ.11,000 போக, நிறுவனம் அவருக்கு ரூ.750 கொடுக்க வேண்டும்.

ஒரே மைலேஜ் அளவுகோலைக் கொண்ட மென்பொருளில் இதே தீர்வு வேறு விதமாக முடியும். ரூ.4,140 டீசல் பிடித்தம் ஏறியதும், ஓட்டுநர் நிறுவனத்துக்கு ரூ.3,390 கடன்பட்டவராகிறார். அந்தக் கடன் அடுத்த நடையின் தொடக்க இருப்பாக முன்னே எடுத்துச் செல்லப்படும். நான்கு நடைகள் இப்படி ஓடினால் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கும் தொகை அவர் பெயரில் நிற்கும். ஒருநாள் அவர் வண்டிச் சாவியை அலுவலகத்தில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார். நிறுவனமோ வராக்கடன் என்று அதைத் தள்ளுபடி செய்துவிட்டு வேறு ஓட்டுநரைத் தேடும். நல்ல ஓட்டுநர் கிடைப்பதில்லை என்று வருந்தும் உரிமையாளர்கள், தீர்வுகளில் ஓட்டுநர் பற்றாக நிற்கும் இருப்புகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்பது நன்று. ஒரே வண்டியில் எந்த ஓட்டுநர் ஏறினாலும் பிடித்தம் வருகிறது என்றால், குறை வண்டியிலோ அளவுகோலிலோ இருக்கிறது. ஒரே ஓட்டுநர் எந்த வண்டியில் ஏறினாலும் வருகிறது என்றால் அவரிடம் பேச வேண்டியதுதான்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. இழப்புக்காக ஊதியத்தில் பிடித்தம் செய்ய வேண்டுமானால், அந்த இழப்பு ஊழியரின் கவனக்குறைவால் நேரே விளைந்ததாக இருக்க வேண்டும். பிடித்தம் செய்யும் முன் அவருக்கு விளக்கம் அளிக்க வாய்ப்புத் தர வேண்டும். தொகை இழப்பை மீறக் கூடாது. பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த இந்தக் காப்புகள் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கின்றன. ஆகவே டீசல் மிகுதியை மென்பொருள் தானே பிடித்தம் செய்யும்படி அமைக்காமல், ‘விளக்கம் நிலுவை’ என்ற நிலையில் நிறுத்தி, ஓட்டுநர் சொல்வதைப் பதிந்து, மேலாளர் ஒப்புதல் அளித்த பின்பே கணக்கில் ஏறும்படி அமைப்பது பொருத்தம். தீர்வுத் தாளை அவருக்குத் தெரிந்த மொழியில் அச்சிட்டுத் தருவதும் கடினமன்று.

கணக்கு முறையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்பணம் கொடுத்த அன்று அது செலவன்று. ஓட்டுநரிடமிருந்து வர வேண்டிய தொகை. தீர்வு முடிந்த அன்றுதான் அது பேட்டாவாகவும் கூலியாகவும் மாறுகிறது. தீர்வுகள் தேங்கினால் வாடகை மட்டும் வருமானத்தில் ஏறி, செலவு முன்பணமாகவே உறங்கும். இலாபம் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். நடைமுறை மூலதனக் கடனைப் புதுப்பிக்கும்போது வங்கி அலுவலர் நிலைக்குறிப்பில் ‘ஓட்டுநர் முன்பணம்’ என்ற தலைப்பை நிறுத்திப் பார்ப்பது இதனால்தான்.

டயர்: ரசீது இல்லாத செலவு

நம் லாரிக்கு 10 டயர்களும் ஒரு ஸ்டெப்னியும் உண்டு. ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் ஒரு வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். மென்பொருளில் டயருக்கு உரிய அட்டை இந்த எண்ணில்தான் தொடங்குகிறது: எந்த வண்டியில், எந்த இடத்தில், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தபோது பூட்டப்பட்டது, அப்போது பள்ளத்தின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்.

ஒரு டயரின் விலை ரூ.22,000 என்றும், 90,000 கிலோமீட்டர் ஓடிய பின் ரூ.7,000 செலவில் ரீட்ரெடிங் செய்து மேலும் 50,000 ஓடியது என்றும் கொள்வோம். ரூ.29,000க்கு 1,40,000 கிலோமீட்டர்; அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 21 காசு. பத்து டயர்களுக்கும் சேர்த்து 2 ரூபாய்க்குச் சற்று மேல். நம் 2,800 கிலோமீட்டர் நடையில் டயர் தேய்மானம் மட்டும் ரூ.5,800. ஓட்டுநர் கையிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ அன்று ஒரு காசும் போகவில்லை என்பதால் இது கண்ணில் படுவதில்லை. ஆறு டயர்களை ஒன்றாக மாற்றும் மாதத்தில்தான் உரிமையாளர் திடுக்கிடுவார்.

இந்த அட்டை பொய் சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் ஸ்டெப்னியால். நள்ளிரவில் பஞ்சர் ஆகிறது. ஓட்டுநர் ஸ்டெப்னியைப் பூட்டி ஓட்டி வருகிறார். தீர்வின்போது பஞ்சர் ரசீது ரூ.350 பதிவாகிறது, டயர் இடம் மாறியது பதிவாவதில்லை. அன்று முதல் ஸ்டெப்னித் தாங்கியில் சும்மா கிடக்கும் டயர் ஓடிக்கொண்டிருப்பதாகவும், சாலையில் தேய்ந்துகொண்டிருக்கும் டயர் ஓய்வில் இருப்பதாகவும் மென்பொருள் நம்பும். தடுக்கும் வழி எளிது: பஞ்சர் செலவைப் பதியும்போது, கழற்றிய டயரின் எண்ணையும் பூட்டிய டயரின் எண்ணையும் கேட்காமல் திரை அடுத்த கட்டத்துக்குச் செல்லக் கூடாது.

ஏற்கெனவே குழம்பிய அட்டைகளைக் கண்டுபிடிக்க ஆழமானி போதும். புதிதில் 16 மில்லிமீட்டர் ஆழம் இருந்து, 4 மில்லிமீட்டரில் ரீட்ரெடிங்குக்குக் கழற்றுவது வழக்கம் என்றால், 12 மில்லிமீட்டர் தேய 90,000 கிலோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 7,500. அட்டையில் 30,000 கிலோமீட்டர் ஓடியதாக இருக்கும் டயர் 4 மில்லிமீட்டர் தேய்ந்திருக்க வேண்டும். 1 மில்லிமீட்டர்தான் தேய்ந்திருக்கிறது என்றால் அட்டை தவறு. 7 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் அட்டையும் தவறாக இருக்கலாம், வண்டியிலும் குறை இருக்கலாம். அப்போது தேய்மானத்தின் உருவத்தைப் பார்க்க வேண்டும்: இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று மிகுதி, ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கர நேர்வரிசை பிசகியிருக்கும். காற்றுக் குறைந்த டயர் டீசலையும் கூடுதலாகக் குடிக்கவைக்கும். மைலேஜ் அறிக்கையில் நிலையாகப் பின்தங்கும் வண்டியின் டயர் அட்டையைத் திறந்து பார்ப்பதற்கு அதுவே காரணம்.

காலத்துக்கு முன் வெடித்த டயருக்கு உற்பத்தியாளரிடம் இழப்பீடு கோரும்போதும் வரிசை எண்ணும் கொள்முதல் ரசீதும் கேட்கப்படும். எஞ்சியிருக்கும் ஆழத்துக்கு ஏற்பத் தொகை கணக்கிடப்படும். அட்டை இல்லாதவர்கள் இந்தக் கோரிக்கையை எழுப்புவதே அரிது.

டீசல், டயர் இரண்டின் கணக்கும் கிலோமீட்டரை நம்பியே நிற்கிறது. வண்டியின் ஓட்டமானி பழுதாகிவிட்டால் எல்லாம் சரியும். நடை முடிந்ததும் ஓட்டமானி காட்டும் தூரத்தையும் ஜி.பி.எஸ். காட்டும் தூரத்தையும் மென்பொருள் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். இரண்டும் ஒரு சில விழுக்காடு வேறுபடுவது இயல்பு. திடீரென்று வேறுபாடு பெருகினால், அந்த நடையின் மைலேஜை வைத்து யாரையும் எதுவும் கேட்கக் கூடாது.

மிஞ்சியது எவ்வளவு?

இரு வழி வாடகையும் சேர்ந்து ரூ.1,18,000 என்று வைத்துக்கொள்வோம். டீசல் ரூ.63,450, சுங்கம் ரூ.13,000, பி.எஸ். 6 எஞ்சினுக்குத் தேவையான யூரியா கரைசல் ரூ.2,100, ஓட்டுநர் தீர்வு ரூ.11,750, டயர் தேய்மானம் ரூ.5,800. ஆக ரூ.96,100. மிஞ்சுவது ரூ.21,900.

இந்தத் தொகையை நடை எடுத்துக்கொண்ட நாட்களால் வகுக்க வேண்டும். 9 நாட்களில் முடிந்தால் நாளுக்கு ரூ.2,433, 30 நாட்களுக்கு ஏறத்தாழ ரூ.73,000. ரூ.30 இலட்சம் வாகனக் கடனை 10 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுகளில் செலுத்துவோருக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ.63,740. தவணை போக எஞ்சுவதில்தான் ஓட்டுநரின் மாதச் சம்பளம், காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் அடங்க வேண்டும். குருகிராமிலும் நீம்ராணாவிலும் ஒவ்வொரு நாள் கூடுதலாகக் காத்திருந்து 11 நாட்கள் ஆகிவிட்டால், அதே ரூ.21,900 மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.59,700 ஆகக் குறைந்து, தவணைக்கே போதாமல் போகும். டீசல் ஒரு சொட்டும் வீணாகவில்லை, டயரும் தேயவில்லை. வண்டி நின்றது, அவ்வளவே. எனவே வண்டி சரக்கிறக்குமிடத்தை அடைந்த நேரமும் அங்கிருந்து கிளம்பிய நேரமும் நடை எண்ணின் கீழ்ப் பதிவாக வேண்டும். காத்திருப்புக் கட்டணத்தைச் சரக்கின் உரிமையாளரிடம் கேட்கும்போது எடுத்துக்காட்ட இருப்பது அந்தப் பதிவுதான்.